பேச வேண்டிய இடத்தில் பேசாத பாத்திரம்: கோழைத்தனக் காட்சியை எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகைக் கோழைத்தனத்தை எடுத்துக்கொள்கிறது: உண்மை தெரிந்திருந்தும், கேட்கப்பட்டபோது சொல்லாமல் இருப்பது. எரியும் கட்டடத்திலிருந்து தான் மட்டும் தப்பி ஓடுபவரை எழுதுவது இதைவிட எளிது, ஏனெனில் உயிர்பயத்தை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மேசைக்கு முன்னால் அமர்ந்துகொண்டு, யாரும் அடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் வாய் திறக்காதவரைத்தான் வாசகர் சட்டென்று கைவிடுகிறார். புதிதாக எழுதுபவர்களின் கைப்பிரதிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

விளக்கத்துக்காக ஒரு கதையை உருவாக்கிக்கொள்வோம். மருந்துகளைச் சேமிக்கும் ஒரு கிடங்கில் சேகர் பில் போடுகிறான். லீலா அவனைவிட மூத்தவள், வேலையைக் கற்றுக்கொடுத்தவள், அவளை அவன் ‘லீலாக்கா’ என்றுதான் அழைக்கிறான். ஒருநாள் இரவு குளிர் அறையின் கதவு சரியாக மூடப்படாததால் சரக்கு கெட்டுவிடுகிறது. கடைசியாக உள்ளே சென்று வந்தவர் மேலாளர் என்பதைச் சேகர் பார்த்திருக்கிறான். விசாரணையில் பழி லீலாவின் மீது விழுகிறது. சேகர், “நான் கவனிக்கவில்லை” என்று சொல்கிறான். கதை இவ்வளவுதான். இதை எந்த வரிசையில் கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

## 1. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கதைக்கு வெளியே, ஒரு தனித் தாளில், மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும்.

முதலாவது, பாத்திரம் எதற்கு அஞ்சுகிறது? ‘வேலை போய்விடும்’ என்பது விடையாகாது, அது ஒரு தலைப்பு மட்டுமே. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வாக அதைச் சுருக்க வேண்டும். நம் கதையில், சனிக்கிழமைதோறும் சுவரில் ஒட்டப்படும் ஷிப்ட் பட்டியலில் ஒருவருடைய பெயர் காரணம் சொல்லப்படாமல் விடுபட்டுப்போவதற்குச் சேகர் அஞ்சுகிறான்.

இரண்டாவது, அவன் பேசாததால் இன்னொருவர் இழப்பது என்ன? இதையும் அதே அளவு துல்லியமாக எழுதுங்கள். மூன்றாவது, பேசாமல் இருப்பதற்கு அந்த அறையில் அவனுக்குக் கிடைக்கும் வசதியான வழி எது? சேகரைப் பொறுத்தவரை அது அரை உண்மை: அந்த நேரத்தில் அவன் பில் போட்டுக்கொண்டும் இருந்தான். கோழைத்தனத்துக்குப் பெரும்பாலும் இப்படியொரு சாய்வு நாற்காலி தேவைப்படுகிறது. முழுப் பொய்யைத் துணிந்து சொல்பவரை வாசகர் தந்திரக்காரர் என்றே எடுத்துக்கொள்வார். கோழை என்று கருதமாட்டார்.

## 2. விளைவை முதலில் எழுதுங்கள்

வாசிக்கும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. வாசகர் அச்சம், செயல், விளைவு என்று படிப்பார். நீங்கள் விளைவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுத வேண்டும்.

காரணம் எளியது. அச்சத்தை முதலில் எழுதுபவர் தம் பாத்திரத்தின்மீது இரக்கம் கொண்டுவிடுகிறார். நோயுற்ற தாய், கட்டவேண்டிய கடன், சிறுவயதில் வாங்கிய அடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். விசாரணைக் காட்சி வரும்போது சேகரின் பக்கம் அவ்வளவு எடை ஏறியிருக்கும் என்பதால், லீலாவுக்கு நேர்ந்தது ஒரு பக்க நிகழ்வாகச் சுருங்கிவிடும். அங்கே வாசகர் தாம் ஏமாற்றப்படுவதாக உணர்கிறார். மாறாக, இழப்பின் அளவு முதலிலேயே உங்கள் கையில் இருந்தால், அதற்கு ஈடாக எவ்வளவு அச்சம் தேவை, எது மிகை என்பதை நீங்களே அளந்துகொள்ள முடியும்.

விளைவுக் காட்சியில் லீலா அழவேண்டியதில்லை. அவள் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்கிறாள். சேகருக்குப் பழக்கிக் கொடுத்த குறியீட்டுப் பட்டியலை, அது இனித் தனக்குத் தேவையில்லை என்பதால், அவன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கோபப்பட்டாளா இல்லையா என்பது அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒட்டப்படும் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளுடைய பகல் ஷிப்ட் சேகருக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. கோழைத்தனத்தால் பாத்திரத்துக்குச் சிறிதாவது நன்மை கிடைக்கட்டும். நன்மையே கிடைக்காதபடி எழுதுவது எழுத்தாளர் அவனைக் காப்பாற்றப் பார்ப்பதாகும், வாசகர் அதைக் கண்டுகொள்வார்.

## 3. பாதிக்கப்படுபவரை முழு மனிதராக்குங்கள்

விளைவை எழுதிய கையோடு செய்யவேண்டிய வேலை இது. புதியவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது பயத்தினால் தலைகீழாகச் செய்கிறார்கள்: லீலாவைச் சிடுசிடுப்பானவளாகவும் எல்லாரிடமும் குறை காண்பவளாகவும் எழுதிவிட்டால் சேகர்மீது கோபம் குறையும் என்று நினைக்கிறார்கள். கோபம் குறையத்தான் செய்யும், ஆனால் அதோடு காட்சியின் பொருளும் போய்விடும். வெறுக்கத்தக்க ஒருவரைக் காப்பாற்றாமல் விட்டது கோழைத்தனமாகவே தோன்றாது.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். லீலா குறையே இல்லாத தெய்வப்பிறவியாக இருந்தால் சேகர் வெறும் துரோகியாகிவிடுவான். அவளுக்கு வேலை சார்ந்த ஒரு சிறு குறையைக் கொடுங்கள். உதாரணமாக, பதிவேட்டில் நேரத்தை எழுத அவள் அடிக்கடி மறந்துவிடுவாள். விசாரணையில் பழி அவள்மீது எளிதாக ஒட்டிக்கொள்வதற்கும் இந்தக் குறை பயன்படும்.

## 4. அச்சத்தை முன்னதாக, வேறொரு வேலைக்காக வந்த காட்சியில் விதையுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிடவேண்டிய படி இதுதான்.

பாத்திரத்தின் அச்சத்துக்கான காரணம் செயலுக்கு முன்னால் வந்தால் அது காரணமாக இருக்கும். செயலுக்குப் பின்னால் வந்தால் சாக்காக மாறிவிடும். சேகர் பொய் சொன்ன பிறகு, ‘முன்பு ஒருவன் மேலாளரை எதிர்த்துப் பேசி என்ன ஆனான் என்பது சேகருக்கு நினைவு வந்தது’ என்று எழுதினால், அந்த வாக்கியம் வழக்கறிஞரின் வாதத்தைப் போல ஒலிக்கும். அதே செய்தியை வாசகர் முன்பே தம் கண்ணால் பார்த்திருந்தால், விசாரணை அறையில் எழுத்தாளர் அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, கதையின் முற்பகுதியில் ஒரு சனிக்கிழமைக் காட்சி வேண்டும். பட்டியல் ஒட்டப்படுகிறது. முந்தைய வாரம் மேலாளரிடம் மிகைநேர ஊதியத்தைப் பற்றிக் கேட்டவனுடைய பெயர் அதில் இல்லை. அவன் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை படிக்கிறான். யாரும் எதுவும் கேட்கவில்லை. லீலாகூட ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறாள். பிறகு அவன் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இந்தக் காட்சியை எழுதும்போது இரண்டு கட்டுப்பாடுகளைக் கடைப்பிடியுங்கள். முதலாவதாக, அதற்கு அந்த இடத்தில் வேறொரு வெளிப்படையான பணி இருக்க வேண்டும். கிடங்கின் ஒருநாள் எப்படிப் போகிறது என்று காட்டுவதற்காகவோ, சேகருக்கும் லீலாவுக்கும் இடையிலான பழக்கத்தைச் சொல்வதற்காகவோ அது வந்திருப்பதாக வாசகருக்குத் தோன்ற வேண்டும். இரண்டாவதாக, அதற்கும் விசாரணைக்கும் நடுவே குறைந்தது ஒரு காட்சியாவது இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்து வைத்தால் முன்னது பின்னதற்கான ஏற்பாடு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அச்சம் ஒன்றே ஒன்றாக இருப்பதும் அவசியம். காரணங்களைக் கூட்டக் கூட்ட அச்சம் வலுக்கும் என்று தோன்றும், நடைமுறையில் அது நேர்மாறாகவே வேலை செய்கிறது. மூன்று காரணங்களைக் கேட்ட வாசகர் அவற்றை எடைபோடத் தொடங்கிவிடுகிறார். ஒரே காரணத்தைக் கண்டவர் அதை உணர்கிறார்.

இதே முற்பகுதியில் சேகரின் மிகச் சிறிய பின்வாங்கல் ஒன்றையும் வைத்துவிடலாம். பில்லில் அளவு தவறாக இருப்பதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்து, மேலாளர் நிமிர்ந்து பார்த்ததும், “ஒண்ணுமில்ல சார்” என்று சொல்லிவிட்டு அவனே திருத்திக்கொள்கிறான். அங்கே வாசகர் புன்னகைப்பார், அவ்வளவுதான். பின்னர் அதே பழக்கம் பெரிய விலை கேட்கும்போது, அது திடீரென்று முளைத்ததாகத் தோன்றாது. தான் புன்னகைத்த ஒன்றை அவரால் முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது.

## 5. கணத்தை நீட்டி, வாய்ப்புகளாகப் பிரியுங்கள்

இத்தகைய கோழைத்தனம் பெரும்பாலும் ஒரு முடிவாக நிகழ்வதில்லை, தள்ளிப்போடலாக நிகழ்கிறது. பேசாதவர் ‘பேசமாட்டேன்’ என்று தீர்மானிப்பதில்லை. ‘இன்னும் ஒரு நொடி கழித்துப் பேசலாம்’ என்றுதான் நினைக்கிறார், அதற்குள் அறை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஆகவே, வாய்ப்பை ஒரே கேள்வியில் முடித்துவிடாமல் மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பேசுவதற்கான விலை ஏறும்படி அமைக்க வேண்டும்.

நம் காட்சியில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி முதலில் பொதுவாகக் கேட்கிறார். அப்போது பேசியிருந்தால் அது வெறும் தகவல். அடுத்து மேலாளரே பதில் சொல்லிவிடுகிறார். இப்போது பேசினால் அது மறுப்பாகும். கடைசியாக லீலா சேகரிடம் நேரடியாகக் கேட்கிறாள். இந்தக் கட்டத்தில் உண்மையைச் சொல்வது மேலாளரைப் பொய்யர் என்பதாகும். அதோடு, ‘இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும்.

கீழ்க்காணும் வரைவைப் பாருங்கள்.

> “குளிர் ரூம் கதவைக் கடைசியா யார் திறந்தாங்க?” அதிகாரி கேள்வியைத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.
>
> சேகர் பேனாவின் மூடியைக் கழற்றினான். மேலாளருக்குப் பின்னால் இந்த வாரப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன் கீழ் ஓரம் பசை விட்டு, விசிறிக் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது.
>
> “லீலாவோட ஷிப்ட் சார்” என்றார் மேலாளர்.
>
> “நான் எட்டு மணிக்கே பூட்டிட்டேன்.” லீலா திரும்பினாள். “சேகர், நீயும்தானே இருந்தே? அதுக்கப்புறம் யார் போனாங்கன்னு சொல்லேன்.”
>
> பேனா மூடி சரியாக உட்காரவில்லை. அவன் அதை மறுபடி கழற்றி மாட்டினான்.
>
> “நான் பில் போட்டுக்கிட்டு இருந்தேன்” என்றான் சேகர். “கவனிக்கல.”

அவனுடைய மனத்துக்குள் ஓடியது எதுவும் இங்கே எழுதப்படவில்லை. நான்காம் படியில் விதைத்தது பட்டியலின் ஓரமாக மட்டும் தலைகாட்டுகிறது. வாசகரே அந்த இரண்டையும் இணைத்துக்கொள்கிறார், இணைத்துக்கொள்ளும் அந்த நொடியில் அவர் சேகரின் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். பரிவு என்று நாம் அழைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அச்சத்தின் உடல் அடையாளங்களில் எச்சரிக்கை தேவை. நெஞ்சு படபடப்பு, வறண்ட நாக்கு, வியர்த்த உள்ளங்கை ஆகியவை உண்மையிலேயே நிகழ்பவைதான். ஆனால் எந்தப் பாத்திரத்துக்கும், எந்தப் பயத்துக்கும் அவை பொருந்தும் என்பதால் இவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அச்சத்தில் கவனம் குறுகி ஏதோ ஒரு சிறு பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பயன்படுத்துவது மேல். பேனா மூடியின் வேலை அதுதான்.

## 6. செயலைச் சொல்லும் வினைச்சொல்லைச் சோதியுங்கள்

இது சிறிய படி, ஆனால் பலர் அறியாமலேயே இங்கே தவறுகிறார்கள். மேலேயுள்ள கடைசி வரியைப் பின்வருமாறு மாற்றிப் பாருங்கள்: ‘கவனிக்கவில்லை என்ற சொற்கள் அவன் வாயிலிருந்து நழுவின’, ‘அவனையறியாமல் அப்படிச் சொல்லிவிட்டான்’, ‘அவன் நாக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை.’ மூன்றிலும் செயல் அவனுடையதாக இல்லை. தானாக நடந்ததாக ஆகிவிட்டது. ‘சொல்லிவிட்டான்’ என்பதிலுள்ள ‘விட்டான்’கூட, இத்தகைய இடத்தில், கைமீறிப் போனது என்ற சாயலைக் கொண்டுவந்துவிடும்.

‘என்றான் சேகர்’ என்பது வறண்ட வாக்கியம், அதனாலேயே நேர்மையானது. செயலுக்கான பொறுப்பை இலக்கணம் அவன்மீது வைத்தால், வாசகர் அதை அவன்மீது சுமத்தவேண்டிய தேவை குறைகிறது. பூசி மெழுகினால் அந்த வேலையை வாசகர் கையில் எடுத்துக்கொள்வார், பெரும்பாலும் மிகக் கடுமையாகச் செய்வார்.

கோழை என்ற சொல்லையும் கதைசொல்லியிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். தீர்ப்பு வழங்கப்பட்ட வழக்கைப் பற்றி யோசிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. வேண்டுமானால் சேகர் தன் குணத்துக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்திருப்பதாக முற்பகுதியில் ஓரிடத்தில் காட்டலாம்.

## 7. பின்விளைவில் குற்ற உணர்வைப் பேசவிடாதீர்கள்

செயல் முடிந்ததும் எழுத்தாளருக்கு ஒரு பதற்றம் வருகிறது. வாசகர் வெறுத்துவிடுவாரோ என்று அஞ்சி, பாத்திரத்தை அன்றிரவே தூக்கமின்றிப் புரளவைத்து, கண்ணாடி முன் நிற்கவைத்து, தன்னைத் தானே திட்டவைக்கிறார். இதன் விளைவு விசித்திரமானது: கதையின் கவனம் முழுவதும் மறுபடி சேகரின் வலிக்குத் திரும்பிவிடுகிறது; வேலையை இழந்தவள் காணாமல் போகிறாள். தன்னிரக்கத்தில் இருப்பவருக்கு வாசகரின் இரக்கம் தேவைப்படுவதில்லை.

குற்ற உணர்வு நடத்தையில் கசியட்டும், அதுவும் கோணலாக. லீலா புறப்படும் நாளில் சேகர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வருகிறான், தேவையில்லாமல் அதிகம் பேசுகிறான். அடுத்த வாரம் புதிதாக வந்த பணியாளரிடம் பதிவேட்டில் நேரம் எழுதச் சொல்லி அளவுக்கு மீறிக் கடிந்துகொள்கிறான். லீலாவிடம் உண்மையிலேயே குறை இருந்தது என்று தனக்கு நிரூபித்துக்கொள்கிறான் போலும். வாசகர் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அவனைப் புரிந்துகொண்டுதான் சுளிக்கிறார்.

உடனடிப் பரிகாரத்தையும் தவிருங்கள். அடுத்த காட்சியிலேயே அதிகாரியின் பின்னால் ஓடி உண்மையைச் சொல்லிவிடும் சேகர், விசாரணைக் காட்சியையே இல்லாமலாக்கிவிடுகிறான். பரிகாரம் வேண்டுமென்றால், அதன் விலை முதலில் பேசியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அது லீலாவுக்கு உண்மையில் உதவாமலும் போகலாம்.

தன்மைக் கூற்றில் எழுதுபவர்களுக்கு இங்கே சிக்கல் இரட்டிப்பாகும். ‘நான்’ என்று சொல்பவர் எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒலிக்கும். சொல்பவர் நிகழ்வுகளை வரிசையாக, கூடுதல் துல்லியத்துடன் சொல்லிக்கொண்டு போய், அந்த ஒரு வரியில் மட்டும் அவசரப்பட்டு அடுத்ததற்குத் தாவுவதாக அமைத்தால் பெருமளவு சமாளிக்கலாம். முதல் முறை முயல்பவர்களுக்குப் படர்க்கையே நல்லது.

## 8. வரைவை இன்னொருவரிடம் கொடுத்துச் சோதிப்பது

கதையின் நோக்கத்தைச் சொல்லாமல் வாசிக்கக் கொடுங்கள். ‘சேகரைப் பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். பிடித்தம் வேறு, புரிதல் வேறு. ‘அந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பயன்படுத்தும் சொற்களைக் கவனியுங்கள்.

‘சொல்லித் தொலைத்திருக்கலாமே, என்ன குறைந்துவிடும்?’ என்று அவர் எரிச்சலடைந்தால், நான்காம் படி பலிக்கவில்லை. அச்சம் உங்கள் தாளில் இருக்கிறது, கதைக்குள் வரவில்லை. பட்டியல் காட்சிக்குத் திரும்புங்கள். விசாரணைக் காட்சியில் விளக்கம் சேர்த்து ஒட்டுப்போடாதீர்கள்.

‘பாவம், அவன் என்ன செய்வான்!’ என்று முழுமூச்சாகப் பரிந்து பேசினால், அதுவும் வெற்றியல்ல. அச்சத்தின் எடை கூடிவிட்டது, அல்லது லீலா மங்கிவிட்டாள். அவரிடம் லீலாவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். உடனே நினைவுக்கு வரவில்லை என்றால் மூன்றாம் படிக்குப் போக வேண்டும்.

அவர் லீலாவின் பக்கம் நின்று சேகரைக் குறைசொல்லத் தொடங்கி, பாதியில் குரல் தணிந்து, தம் அலுவலகத்திலோ வீட்டிலோ நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், காட்சியைத் தொடவேண்டாம்.

ஒரு வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். இழப்பு ஓர் உயிராகவோ, ஒரு குழந்தைக்கு நேரும் கொடுமையாகவோ இருந்தால், மேற்சொன்ன அமைப்பு புரிதலைத் தரும், பரிவைத் தருமென்று உறுதியில்லை. அத்தகைய கதையில் பரிவை வலிந்து வரவழைக்க முயன்றால் வாசகர் பாத்திரத்தோடு எழுத்தாளரையும் சேர்த்தே நிராகரிப்பார். அங்கே புரிதலோடு நிறுத்திக்கொண்டு, ஏழாம் படியை இன்னும் சுருக்கமாக எழுதுவதே சரியாக இருக்கும்.